பங்கு உத்தியைப் பேக்டெஸ்ட் செய்யும் முன் பழைய விலைகளை ஸ்பிளிட், போனஸ், டிவிடெண்டுக்காகச் சரிசெய்தே ஆகணுமா? யாஹூவில் வரும் Adj Close-ஐ அப்படியே எடுத்தால் போதாதா?

கண்டிப்பாகச் சரிசெய்ய வேண்டும். ஆனால் Adj Close மட்டும் போதாது, அதை எல்லா இடத்திலும் பயன்படுத்தினால் சோதனை வேறு வகையில் பொய் சொல்லும்.

பஜாஜ் ஃபைனான்ஸை எடுத்துக்கொள்வோம். 2025 ஜூன் 16 அன்று முகமதிப்பு 2 ரூபாயிலிருந்து 1 ரூபாயானது, அதே நாளில் 4:1 போனஸும். நம் ஊர் வழக்கப்படி 4:1 போனஸ் என்றால் கையில் இருக்கும் ஒரு பங்குக்கு நான்கு புதிதாக வரும், மொத்தம் ஐந்து. ஸ்பிளிட்டில் இரண்டு மடங்கு, போனஸில் ஐந்து மடங்கு, ஆக 10. இதை 2 × 4 = 8 என்று போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்; 1:2 போனஸுக்கு 1.5 வர வேண்டிய இடத்தில் 2 போடுவதும் அப்படித்தான். சரிசெய்யாத விலையில், 9,300 ரூபாய் வாக்கில் இருந்த பங்கு மறுநாள் 930 ஆனது போலத் தெரியும், உங்கள் உத்தியும் 90% நஷ்டம் என்று விற்றுவிட்டு வெளியே வரும்.

எக்ஸ் தேதிக்கு முந்தைய எல்லா விலைகளையும் 10-ஆல் வகுங்கள், வால்யூமை 10-ஆல் பெருக்குங்கள். எக்ஸ் தேதியன்று விலை ஏற்கெனவே மாறியிருக்கும், அதைத் தொடக்கூடாது:

```python
ev = df["factor"].fillna(1.0)  # எக்ஸ் தேதியில் 10
cum = ev[::-1].cumprod()[::-1].shift(-1).fillna(1.0)
df["adj_close"] = df["close"] / cum
df["adj_volume"] = df["volume"] * cum
```

இனிதான் முக்கியமான சிக்கல். இதே பஜாஜ் ஃபைனான்ஸ் 2016 செப்டம்பரிலும் 10-லிருந்து 2 ரூபாய்க்கு ஸ்பிளிட், 1:1 போனஸ் இரண்டையும் சேர்த்துச் செய்தது, அதுவும் 10 மடங்கு. ஆக அதற்கு முந்தைய விலைகளை இன்று 100-ஆல் வகுக்கிறோம், அன்று சுமார் 11,000 ரூபாய்க்கு விற்ற பங்கு உங்கள் தரவில் 110 ரூபாயாக நிற்கும். '200 ரூபாய்க்குக் கீழே உள்ள பங்குகளை மட்டும் வாங்கு' என்று ஒரு விதி வைத்திருந்தால் சோதனை இதை வாங்கிப் பெரிய லாபம் காட்டும். அன்று யாராலும் அதை 110 ரூபாய்க்கு வாங்கியிருக்க முடியாது. அதைவிட மோசம், இப்படித் திரும்பத் திரும்ப ஸ்பிளிட்டும் போனஸும் கொடுப்பவை பெரும்பாலும் பிற்காலத்தில் நன்றாக ஏறிய பங்குகள்தான், அதனால் அந்த விலை வரம்பு எதிர்காலத்தை எட்டிப் பார்த்துப் பங்கு பொறுக்குகிறது. விலை வரம்பு, ஒரு லட்சத்துக்கு எத்தனை பங்கு வரும் என்ற கணக்கு, இரண்டுக்கும் அன்றைய அசல் விலைதான் வேண்டும். அசல் விலைக்கு என்எஸ்இ-யின் தினசரி பவ்காப்பி கோப்பு இருக்கிறது.

டிவிடெண்ட் கதை வேறு. வேதாந்தா 2022–23 நிதியாண்டில் ஐந்து இடைக்கால டிவிடெண்டாக மொத்தம் 101.50 ரூபாய் கொடுத்தது. அதை விட்டுவிட்டால் அந்த ஆண்டில் பங்கு உண்மையில் கொடுத்ததைவிட ரொம்ப மோசமாகத் தெரியும். சரி, சரிசெய்யலாம்: முந்தைய நாள் முடிவு விலை 280, டிவிடெண்ட் 20.50 என்று வைத்துக்கொண்டால் பெருக்க வேண்டிய எண் 1 − 20.5/280, அதாவது 0.927. இப்படிச் செய்ததும் எக்ஸ் தேதியின் 7% சரிவு தரவிலிருந்து மறைந்துவிடும். ஆனால் சந்தையில் அந்தச் சரிவு நிஜமாகவே நடக்கிறது, 5% கீழே ஸ்டாப் லாஸ் போட்டிருந்தால் அன்று அடிபட்டிருக்கும், Adj Close-இல் சோதித்தால் அடிபடாது. அதனால் நான் வாங்கு-விற்பு சிக்னலையும் ஸ்டாப்பையும் ஸ்பிளிட், போனஸுக்கு மட்டும் சரிசெய்த விலையில் பார்க்கிறேன், டிவிடெண்டை எக்ஸ் தேதியில் கையிருப்புப் பங்குகளுக்கான ரொக்கமாகத் தனியாகச் சேர்க்கிறேன். 2020 ஏப்ரல் முதல் டிவிடெண்டுக்கான வரி முதலீட்டாளர் தலையில், அதைக் கழிக்கவும் இதில்தான் வசதி.

யாஹூவில் Close-உம் ஸ்பிளிட்டுக்குச் சரிசெய்யப்பட்டதுதான், அதை மறுபடி வகுத்துவிடாதீர்கள். புதிய yfinance-இல் `auto_adjust=False` கொடுக்காவிட்டால் Close என்ற பெயரிலேயே டிவிடெண்டும் சரிசெய்யப்பட்ட விலை வரும்.

எல்லாம் முடிந்ததும் ஒரு நாளில் 20%-க்கு மேல் விழுந்த வரிகளை மட்டும் பிரித்தெடுத்துப் பாருங்கள். எஃப் அண்ட் ஓ-வில் இல்லாத பங்குகளுக்குச் சர்க்யூட் வரம்பே அதிகபட்சம் 20% என்பதால் அங்கே அதைத் தாண்டிய சரிவு பெரும்பாலும் விட்டுப்போன ஸ்பிளிட்டோ போனஸோதான், விகிதம் 0.5, 0.2, 0.1 பக்கத்தில் இருந்தால் சந்தேகமே வேண்டாம். டிமெர்ஜர் மட்டும் இந்த வலையில் சிக்காமல் போகலாம். 2023 ஜூலை 20 அன்று ஜியோ ஃபைனான்ஷியல் பிரிந்தபோது ரிலையன்ஸ் 2,841.85-லிருந்து 2,580 ஆனது, சரிவு 9%-தான், அதற்கு நிறுவனத்தின் அறிவிப்பைப் பார்த்துக் கையால்தான் எண் போட வேண்டும்.