எட்டும் இருபத்தெட்டும் ஒரே ஃபிளைட்டில்: ஸ்டேபிள்ஃபோர்டு கேள்வி பதில்

பினாங்கில் எங்கள் சனிக்கிழமை கோல்ஃப் கூட்டத்துக்குப் பல வருஷமாக நான்தான் கார்டு கூட்டுகிறேன். நாங்கள் ஆடுவது ஸ்டேபிள்ஃபோர்டு, ஹோலுக்கு ஹோல் புள்ளி போடும் முறை. ஆட்டம் முடிந்து தே தாரிக் வருவதற்குள் யாராவது ஒருவர் "எனக்கு ஏன் 31 புள்ளிதான்?" என்று ஆரம்பிப்பார். அப்படி வந்த கேள்விகளும், கோலாலம்பூர் நண்பர்கள் அனுப்பியவையும் இங்கே.

"அண்ணே, நான் ஹேண்டிகேப் 28. என்னோடு சேர்ந்து ஆடுகிற ஃபிளைட்டில் ஒருத்தர் 8. நாங்க ரெண்டு பேரும் ஒரே ஹோலில் எப்படிப் போட்டி போட முடியும்?"

ஹேண்டிகேப் என்பது அடித்த அடியிலிருந்து கழித்துக்கொள்ளக் கிடைக்கும் சலுகை ஸ்ட்ரோக். பார் என்பது ஒரு ஹோலை இத்தனை அடியில் முடிக்க வேண்டும் என்ற கணக்கு. கார்டில் ஒவ்வொரு ஹோலுக்கும் பார் பக்கத்தில் ஸ்ட்ரோக் இண்டெக்ஸ் என்று, கடினமானதிலிருந்து தொடங்கி 1 முதல் 18 வரை ஒரு எண் இருக்கும். உங்கள் 28 ஸ்ட்ரோக்கை அந்த எண்படி பங்கு போட வேண்டும். முதல் சுற்றில் எல்லா ஹோலுக்கும் ஒன்று, 18 போச்சு. மிச்சம் 10. அது இண்டெக்ஸ் 1 முதல் 10 வரை உள்ள ஹோல்களுக்கு இன்னொன்றாகப் போகும். ஆகவே அந்தப் பத்தில் உங்களுக்கு ரெண்டு, மற்ற எட்டில் ஒன்று. எட்டுக்காரருக்கு இண்டெக்ஸ் 1 முதல் 8 வரை மட்டும் ஒவ்வொன்று, மற்றதில் ஒன்றும் கிடையாது.

அடித்த அடியிலிருந்து அந்த ஹோலுக்கான ஸ்ட்ரோக்கைக் கழியுங்கள். மிஞ்சுவது பாருக்குச் சமம் என்றால் 2 புள்ளி. ஒன்று கூடுதல் என்றால் 1, ஒன்று குறைவு என்றால் 3, ரெண்டு குறைவு என்றால் 4. பாருக்கு ரெண்டோ அதற்கு மேலோ கூடினால் பூஜ்யம். அதற்குக் கீழே இறங்க வழியில்லை, மைனஸ் கிடையாது.

போன மாதம் நடந்ததைச் சொல்கிறேன். பார் 4, இண்டெக்ஸ் 3, குழி இருக்கும் கிரீனுக்கு முன்னால் குளம். எட்டுக்காரர் 5 அடித்தார். ஒன்று கழித்தால் 4, அவருக்கு 2 புள்ளி. 28காரர் ரெண்டாவது அடியில் குளத்துக்கு முன்னால் வந்து நின்றார், மூணாவது தண்ணீரில் விழுந்தது. தண்டனை ஒன்று சேர்ந்து நாலாச்சு. அஞ்சாவது கிரீன் ஓரம், ஆறாவது சிப், ஏழாவது புட் உள்ளே போச்சு. ரெண்டு கழித்தால் 5, ஒரு புள்ளி. குளத்தில் விழுந்த மனுஷன் ஒரு புள்ளியோடு வெளியே வந்தார். மொத்த அடியை எண்ணும் சாதாரண ஸ்ட்ரோக் பிளே என்றால் அந்த ஏழு கடைசி வரை மொத்தத்தில் உட்கார்ந்திருக்கும்.

"இது என்ன ஸ்டேபிள்? குதிரை லாயமா?"

ஒரு டாக்டரின் பெயர். ஃபிராங்க் ஸ்டேபிள்ஃபோர்டு. 1898இல் வேல்ஸில் பெனார்த் பக்கம் உள்ள கிளாமோர்கன்ஷயர் கிளப்பில் இதன் பழைய வடிவத்தை வைத்துப் பார்த்தார். லிவர்பூலுக்கு அக்கரையில் இருக்கும் வாலசி கிளப்பில் 1932 மே 16 அன்று போட்டியாகவே நடத்தினார். குதிரை வேண்டுமென்றால் வேறு பக்கம் போய்ப் பாருங்கள்.

"பின்னாடி ஃபிளைட் கத்துது. நான் எப்போ பந்தை எடுத்துக்கணும்?" (ஷா ஆலமில் ஆடும் புதியவர்)

கேள்வியே சரியான கேள்வி, தம்பி. பாரோடு ரெண்டைக் கூட்டுங்கள், அந்த ஹோலில் உங்களுக்குள்ள ஸ்ட்ரோக்கையும் கூட்டுங்கள். அதுதான் பூஜ்யம் விழும் எண். மேலே சொன்ன 28காரருக்கு 4+2+2, அதாவது 8. ஏழு அடித்தும் பந்து உள்ளே போகவில்லை என்றால் இனி புள்ளி வராது. பந்தை எடுத்துப் பாக்கெட்டில் போடுங்கள், கார்டில் ஒரு கோடு போடுங்கள். எட்டுக்காரருக்கு அதே ஹோலில் அந்த எண் 7. ஆறு அடித்தும் முடியவில்லை என்றால் அவர் எடுத்துவிடலாம். எடுத்ததற்காக யாரும் தகுதி இழப்பதில்லை, அந்த ஹோலுக்குப் பூஜ்யம், அவ்வளவுதான். ஒவ்வொருவருக்கும் எண் வேறு என்பதால் முதல் அடி அடிக்கும் டீயில் நிற்கும்போதே மனசில் போட்டுக்கொள்ளுங்கள். கிரீனில் போய் எண்ண ஆரம்பித்தால் பின்னாடி ஃபிளைட் கத்தத்தான் செய்யும்.

"எங்க கூட்டத்தில் குறைந்த ஹேண்டிகேப்காரரை ஜீரோவாக வைத்து, மத்தவங்களுக்கு வித்தியாசம் மட்டும் கொடுக்கிறோம். 8க்கு எதிரா 24 என்றால் 16. இது சரிதானே?" (கிள்ளான்)

அது மேட்ச் பிளே பழக்கம். அங்கே இருவர் மோதுவதால் வித்தியாசம் போதும். ஸ்டேபிள்ஃபோர்டில் ஒவ்வொருவரும் கோர்ஸோடு மோதுகிறார்கள், அதனால் 8காரருக்கு எட்டும், 24காரருக்கு இருபத்திநாலும் முழுசாகக் கொடுக்க வேண்டும்.

"ரெண்டு பேருக்கும் எட்டெட்டுதானே குறையுது, யாருக்கு நஷ்டம்?" என்று கேட்பீர்கள். குறைகிற எண்ணிக்கை சமம்தான், குறைகிற இடம் சமமில்லை. 8காரர் இண்டெக்ஸ் 1 முதல் 8 வரை உள்ள கடினமான ஹோல்களில் ஒவ்வொன்று இழக்கிறார். அங்கே அவர் எப்போதும் புள்ளி எடுப்பவர், அதனால் அத்தனையும் நிஜமான நஷ்டம். 24காரர் இழப்பது இண்டெக்ஸ் 1 முதல் 6 வரையும், 17, 18இலும். அந்த ஆறு கடின ஹோலில் மூன்றில் அவர் ஏற்கெனவே பந்தைப் பாக்கெட்டில் போட்டவர் என்றால், அங்கே இழக்க ஒன்றுமே இல்லை. பூஜ்யம் பூஜ்யமாகவே இருக்கும். ஆகவே நல்லா ஆடுகிறவர்தான் கொஞ்சம் அடி வாங்குகிறார். அப்புறம், முழு ஹேண்டிகேப் கொடுத்தால் 18 ஹோலும் ரெண்டு ரெண்டாக 36 என்பது "என் ஹேண்டிகேப்படி ஆடினேன்" என்பதற்கு அளவுகோலாக இருக்கும். உங்கள் முறையில் அந்த அளவுகோல் போய்விடும்.

"நான் முன் டீயில் ஆடுகிறேன். கணவரும் அவர் நண்பர்களும் வெள்ளை டீ. கார்டு அவர்தான் எழுதுகிறார். எனக்கு எப்போதும் புள்ளி குறைவாக வருகிற மாதிரி இருக்கிறது." (பெட்டாலிங் ஜெயா அக்கா)

அக்கா, கார்டில் உங்கள் டீக்கான பார் வரிசையையும் இண்டெக்ஸ் வரிசையையும் அவர் பார்க்கிறாரா என்று முதலில் கேளுங்கள். பெண்களுக்கு அது தனியாக அச்சாகியிருக்கலாம், பாரே மாறலாம். ஆண்களுக்கு பார் 4 ஆக இருக்கும் நீளமான ஹோல் உங்களுக்கு பார் 5 என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் 6 அடித்தீர்கள், ஒரு ஸ்ட்ரோக் உண்டு, மிஞ்சுவது 5. உங்கள் வரிசையில் 2 புள்ளி. அவர் தன் வரிசையைப் பார்த்துப் போட்டால் 1 புள்ளி. அப்படி மூன்று ஹோல் இருந்தால் மூன்று புள்ளி காற்றில் போச்சு. ஹேண்டிகேப் எண்ணையும் உங்கள் டீக்கான பலகையில் பார்த்து எடுங்கள், அவர் டீக்கானதில் இல்லை. கோர்ஸ் எவ்வளவு கடினம் என்று சொல்லும் ஸ்லோப்பும் ரேட்டிங்கும் டீக்கு டீ மாறும், அதற்கேற்ப உங்கள் எண்ணும் மாறும்.

"ரெண்டு பேர் 35இல் சமம் என்றால் கடைசி ஒன்பது ஹோல் பார்ப்போம். அதிலிருந்து பாதி ஹேண்டிகேப்பைக் கழிக்கணும், அதுதான் விதி. பலருக்கு இது தெரிவதில்லை." (இது கேள்வி இல்லை, எங்கள் கூட்டத்துப் பெரியவர் சொன்னது)

ஐயா சொன்னதில் முதல் பாதி சரி. கடைசி ஒன்பது, அதிலும் சமம் என்றால் கடைசி ஆறு, மூன்று, கடைசி ஹோல் என்று பின்னோக்கி எண்ணுவதுதான் வழக்கம். ஆனால் ஸ்டேபிள்ஃபோர்டில் புள்ளியை மட்டும் எண்ணினால் போதும், பாதி ஹேண்டிகேப் வேண்டாம். புள்ளிக்குள்ளேயே ஸ்ட்ரோக் ஏற்கெனவே கழிந்துவிட்டது. திரும்பக் கழித்தால் ஒரே கடனை ரெண்டு தடவை கட்டுகிற மாதிரி. பாதி கழிப்பது நெட் ஸ்ட்ரோக் பிளேக்கு. ஐயா இன்னும் முழுசாக ஒத்துக்கொள்ளவில்லை.

"மத்தியானம் இடி. 11 ஹோலில் சைரன் ஊதிட்டாங்க. யார் ஜெயித்தது?"

நாங்கள் எல்லாரும் முடித்த முதல் ஒன்பதை மட்டும் எடுப்போம். ஹேண்டிகேப்பைப் பாதியாக்க வேண்டாம், கார்டில் ஸ்ட்ரோக் எங்கே விழுந்ததோ அங்கேயே இருக்கட்டும். முன் ஒன்பதுக்கு ஒற்றைப்படை இண்டெக்ஸ் வைத்திருக்கும் கார்டில் 15காரருக்கு முன்னால் 8, பின்னால் 7 வரும். 18 புள்ளிதான் அங்கே அளவுகோல்.

"95 சதவீதம் என்கிறார்களே, நாங்களும் போடணுமா?"

உலக ஹேண்டிகேப் முறையில் தனிநபர் ஸ்டேபிள்ஃபோர்டுக்குப் பரிந்துரை அதுதான். 8காரருக்கு 7.6, முழுமையாக்கினால் திரும்ப 8. 28காரருக்கு 26.6, அதாவது 27. பெரிய கூட்டத்தில், ஏற்ற இறக்கம் அதிகமான பெரிய ஹேண்டிகேப்காரர்களில் யாராவது ஒருவருக்கு அன்றைக்கு எல்லாம் விழும், அதைக் கொஞ்சம் கட்டுப்படுத்தத்தான் இது. கிளப் போட்டியில் அவர்கள் சொன்னபடி செய்யுங்கள். நாலு பேர் ரோட்டி சானாய்க்கு ஆடும்போது நான் போடுவதில்லை. தவறு என்று சொல்கிறவர்களும் எங்கள் மேசையில் உண்டு.

"எங்க கூட்டத்தில் ஒருத்தர் வாரா வாரம் 41, 42. ஹேண்டிகேப் 26ஆம். என்ன செய்வது?" (கோலாலம்பூர்)

ஒரு வாரம் 42 யாருக்கும் வரலாம். வாரா வாரம் என்றால் அந்த 26இல் ஏதோ பிசகு. அவர் எல்லாக் கார்டையும் பதிகிறாரா, தோற்ற நாளை மட்டுமா என்று பாருங்கள். நாங்கள் ஜெயித்தவருக்கு அடுத்த வாரம் கூட்டத்துக்குள் மட்டும் ரெண்டு ஸ்ட்ரோக் குறைப்போம், ரெண்டாவது வந்தவருக்கு ஒன்று. அதிகாரப்பூர்வ எண்ணில் கை வைக்க மாட்டோம்.

"அப்போ கிம்மி? ஒரு அடி தூரத்தில் நிற்கிற புட்டை விட்டுக்கொடுக்கலாமா?" (அதே நண்பர், விடாமல்)

விதிப்படி முடியாது. பந்து குழியில் விழாவிட்டால் அந்த ஹோலுக்குப் புள்ளி இல்லை. எங்கள் கூட்டத்தில் புட்டரின் பிடி நீளத்துக்குள் இருந்தால் ஒன்று சேர்த்து எழுதிக்கொள்கிறோம். யாருடைய புட்டர் என்பதில்தான் இன்னும் தகராறு. ஒருவர் புதுசாக நீளப் பிடி போட்ட புட்டர் வாங்கி வந்திருக்கிறார்.