காந்தத்தை வெளியே இழுக்கும்போது சுருள் எதை எதிர்க்கிறது?

அண்ணாச்சிக்கு வணக்கம். நான் பாளையங்கோட்டையில் பி.எஸ்.சி. இயற்பியல் படிக்கிறேன். வகுப்பில் காட்டிய ஸ்லைடில் காந்தம் சுருளுக்குள் போகும் படம் ஒன்று, வெளியே வரும் படம் ஒன்று. முதல் படத்தில் சுருளின் காந்தப்புலம் காந்தத்தின் புலத்துக்கு எதிராக இருக்கிறது, சரி. இரண்டாவதில் இரண்டும் ஒரே திசை! கீழே "தூண்டு மின்னோட்டம் எதிர்க்கும்" என்று ஒரே வரி. இது எப்படி எதிர்ப்பு ஆகும்? உண்மையிலேயே எதிர்க்கிறது என்றால், காந்தத்தைத் தள்ளும் கைக்கு ஏன் ஒன்றும் தெரியவில்லை?
— மு.

அன்புள்ள தம்பி,

ஸ்லைடின் இரண்டு படங்களும் சரி. அந்த வரியில்தான் ஒரு சொல் விட்டுப்போயிற்று: "மாற்றத்தை". சுருளுக்குக் காந்தப்புலத்தோடு எந்தப் பகையும் இல்லை. தன் வழியே செல்லும் காந்தப்பாயம் கூடினால் கூடுவதை எதிர்க்கும். குறைந்தால் குறைவதை எதிர்க்கும். வடமுனை நெருங்கும்போது பாயம் கூடுகிறது. எனவே சுருளின் கிட்ட முகம் வடமுனையாகி, காந்தத்தைத் தள்ளுகிறது. காந்தத்தை வெளியே இழுத்தால் பாயம் குறைகிறது. அதை ஈடுகட்டச் சுருள் அதே திசையில் புலத்தைச் சேர்க்கிறது. கிட்ட முகம் தென்முனையாகி, போகாதே என்று காந்தத்தைப் பிடித்து இழுக்கிறது. தள்ளினாலும் இழுத்தாலும் உன் கைக்கு எதிராகவே விசை வருகிறது.

ஏன் எதிர்க்க வேண்டும்? மறுதலையாக நடந்தால் என்ன ஆகும் என்று பார். நீ வடமுனையை லேசாக நகர்த்துகிறாய், கிட்ட முகம் தென்முனையாகிறது என்று வை. சுருள் காந்தத்தை உள்ளே இழுக்கும். வேகம் கூடும், அதனால் மின்னோட்டம் கூடும், அதனால் இழுப்பு இன்னும் கூடும். காந்தத்துக்கு வேகமும் கம்பிக்குச் சூடும் யாரும் கொடுக்காமலே வந்து சேரும். ஆற்றல் அழிவின்மை அதற்கு இடம் தராது. ஃபாரடே 1831-இல் மின்தூண்டலைக் கண்டார். திசைக்கான இந்த விதியை லென்ஸ் 1834-இல் வெளியிட்டார். ε = −N ΔΦ/Δt என்பதில் உள்ள கழித்தல் குறி இவ்வளவையும் சுமக்கிறது.

இனி உன் கைக்கு வருவோம். 200 சுற்று, 10 சதுர செ.மீ. பரப்பு, 5 ஓம் மின்தடை கொண்ட சுருள், முனைகளைச் சேர்த்து மூடியது. காந்தத்தை 0.1 வினாடியில் 2 செ.மீ. நகர்த்துகிறாய், சுருளில் புலம் பூஜ்யத்திலிருந்து 0.05 டெஸ்லாவுக்கு ஏறுகிறது. ஒரு சுற்றின் வழியே பாயம் 0.05 × 0.001 = 0.00005 வெபர் மாறுகிறது. மின்னியக்கு விசை 200 × 0.00005 ÷ 0.1 = 0.1 வோல்ட். மின்னோட்டம் 0.02 ஆம்பியர். சராசரியாக வைத்துக்கொண்டால் கம்பி சூடாகும் திறன் 0.1 × 0.02 = 0.002 வாட், 0.1 வினாடியில் 0.0002 ஜூல். அதை உன் கைதான் கொடுத்தாக வேண்டும். 2 செ.மீ. தூரத்தால் வகுத்தால் விசை 0.01 நியூட்டன், ஏறத்தாழ ஒரு கிராம் எடை. கைக்குத் தெரியாததில் வியப்பே இல்லை.

இன்னொன்று. எதிர்க்கிறது என்றால் மாற்றத்தை நிறுத்திவிடுகிறது என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். அந்த 0.02 ஆம்பியர், 4 செ.மீ. நீளச் சுருளில் உண்டாக்கும் புலம் 0.0001 டெஸ்லா அளவுதான். காந்தம் கொண்டுவருவதில் அது ஐந்நூறில் ஒரு பங்கு. சுருளின் மின்தடைதான் எதிர்ப்பை இப்படி மெலிய வைக்கிறது.

எதிர்ப்பைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் மின்தடையைக் குறை. ஏ.சி. மெக்கானிக்கிடம் தடித்த தாமிரக் குழாய்த் துண்டு ஒன்று வாங்கி, அதற்குள் உரசாமல் நுழையும் நியோடிமியம் காந்தத்தை மேலிருந்து விடு. 30 செ.மீ. தடையின்றி விழ கால் வினாடி போதும். குழாய்க்குள் அதைவிடப் பல மடங்கு நேரம் எடுத்து மெல்ல இறங்கும். அதே குழாயை நெடுக ஒரு பக்கம் அறுத்துவிட்டுச் செய்து பார். சுற்றி ஓடும் பாதை அறுந்ததால் முன்பைவிட வேகமாக விழும். ஆனாலும் முற்றிலும் தடையின்றி விழாது, சுவருக்குள்ளேயே சிறு சுழல்களாக மின்னோட்டம் ஓட வழியுண்டு. உன் சுருளின் முனைகளைப் பிரித்துவிட்டால் வோல்ட் வரும், மின்னோட்டம் வராது, எதிர்ப்பும் வராது. இந்த மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் தேர்வில் மதிப்பெண் போகிறது.

ஒரு எச்சரிக்கை: கடிகாரத் திசை, எதிர்த்திசை என்று எழுதும்போது எந்தப் பக்கத்திலிருந்து பார்க்கிறாய் என்று சொல்லாவிட்டால் விடை செல்லாது. வடமுனை நெருங்கும்போது, காந்தம் இருக்கும் பக்கத்திலிருந்து பார்த்தால் மின்னோட்டம் கடிகாரத்துக்கு எதிர்த்திசை. மறுபக்கம் போய் நின்றால் தலைகீழ்.

பணகுடிப் பக்கம் காற்றாலையைப் பார்த்திருப்பாய். காற்று இதழ்களைச் சுழற்றுகிறது, ஜெனரேட்டரின் மின்னோட்டம் அந்தச் சுழற்சியை எதிர்த்து நிற்கிறது. மின்கட்டமைப்பு திடீரென்று துண்டானால் மின்னோட்டம் நிற்கும், எதிர்ப்பும் போய்விடும். காற்று மட்டும் அப்படியே அடிக்கும். அப்போது இதழைத் திருப்பியோ பிரேக் போட்டோ உடனே அடக்காவிட்டால், சுழற்சி வரம்பு மீறிப் போய்விடும்.