இருட்டு மண்டபத்துக்குப் புது லென்ஸ் வேண்டுமா?

கேள்வி: மாமல்லபுரம் மகிஷாசுரமர்த்தினி மண்டபத்தில் எடுத்த படங்கள் எல்லாம் புள்ளி புள்ளியாக இருக்கின்றன. மென்பொருளில் சுத்தம் செய்தால் சிலை மெழுகு பொம்மை போல ஆகிவிடுகிறது. கேமராவோடு வந்த 18-55 லென்ஸ்தான் வைத்திருக்கிறேன். 50 எம்எம் எஃப்/1.8 வாங்கச் சொல்கிறார் கடைக்காரர். வாங்கலாமா?

பதில்: இந்த வேலைக்கு வேண்டாம். எஃப்/1.8-இல் வெளிச்சம் கூடுதலாகக் கிடைக்கும், உண்மைதான். ஆனால் உங்கள் ரகக் கேமராவில் இரண்டு மீட்டர் தூரத்திலிருந்து எடுத்தால், கூர்மையாக விழும் ஆழம் சுமார் 11 சென்டிமீட்டர்தான். தேவியின் முகம் தெளிவாக வந்தால் சிங்கத்தின் தலை மங்கிவிடும். புடைப்புச் சிற்பத்துக்கு எஃப்/8 வேண்டும்.

கையில் பிடித்து எஃப்/4, 1/60 நொடி, ஐஎஸ்ஓ 6400 என்று எடுத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அதே வெளிச்சத்தில் எஃப்/8, ஐஎஸ்ஓ 400 வைத்தால் ஒரு நொடி ஆகும். சிலை அசையப் போவதில்லை. கேமரா அசையாமல் இருந்தால் போதும். தொல்லியல் துறை இடங்களில் ட்ரைபாடுக்கு முன் அனுமதி கேட்பார்கள். அதனால் நான் பழைய ஜீன்ஸ் காலை வெட்டித் தைத்து, ஒரு கிலோ பச்சைப்பயறு நிரப்பி வைத்திருக்கிறேன். அதைத் தரையிலோ உங்கள் தோள்பையின் மேலோ வைத்து, கேமராவை அழுத்தி அமர்த்துங்கள். செதுக்கு வேலை உள்ள கல்லின் மேல் மட்டும் வைக்காதீர்கள். இரண்டு நொடி டைமர் போட்டுக் கையை எடுத்துவிடுங்கள். ஐஎஸ்ஓவை 100-க்கு இறக்கிப் படத்தை இருட்டாக எடுத்து, வீட்டில் வெளிச்சமாக்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. அதில்தான் நிழல் பகுதியில் புள்ளிகள் கிளம்பும்.

மெழுகு பொம்மைக்கு வருவோம். அங்கே கல் கருங்கல். அதற்கே உப்பும் மிளகும் தூவியது போலப் பொடிப்பொடியான மணிகள் உண்டு. மென்பொருள் அதையும் இரைச்சல் புள்ளி என்று எண்ணி வழித்துவிடுகிறது. எது கல், எது இரைச்சல் என்று பார்க்க எளிய வழி இருக்கிறது: கேமராவை நகர்த்தாமல் அதே அளவில் இரண்டு படம் எடுத்து, 100 சதவீதத்துக்குப் பெரிதாக்கி மாற்றி மாற்றிப் பாருங்கள். இரண்டிலும் அதே இடத்தில் இருக்கும் புள்ளி கல்லுடையது. இடம் மாறுவது இரைச்சல். ரா கோப்பில் நிறப்புள்ளிகளை முழுதாக எடுத்துவிடலாம், கல்லுக்கு நஷ்டமில்லை. வெளிச்சப் புள்ளிகளைக் குறைக்கும் லூமினன்ஸ் அளவை மட்டும் லைட்ரூம் கணக்கில் 15, 20-க்குள் நிறுத்துங்கள். கல்மணி மறையத் தொடங்கினால் ஒரு படி பின்னால் வாருங்கள்.

அப்புறம், ஒரு நொடிக்குள் குறுக்கே நடப்பவர் புகைபோலப் பதிவாவார். ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள்.