அமைதியாகிவிட்டவரிடம் கேட்க வேண்டிய கேள்வி

கேள்வி: என் கணவர் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கராக இருக்கிறார். ஆன்லைன் ரம்மியில் ஏழு லட்சத்துக்கு மேல் போய்விட்டது, என் நகையும் போய்விட்டது. கடன் செயலிக்காரர்கள் அவருடைய நண்பர்களுக்கெல்லாம் போன் செய்கிறார்கள். போன வாரம், "இன்சூரன்ஸ் பத்திரம் பீரோவில் இருக்கிறது, நான் இல்லாவிட்டாலும் நீ சமாளித்துக்கொள்வாய்" என்றார். மூன்று நாளாக ஆட்டத்தை விட்டுவிட்டு அமைதியாக இருக்கிறார். "அதைப் பற்றிப் பேச்செடுக்காதே, பேசினால்தான் அந்த எண்ணமே வரும்" என்கிறார் என் அத்தை. நான் கேட்கலாமா, கூடாதா?

பதில்:

அன்புள்ள சகோதரி,

கடிதத்தில் உங்கள் எண் இருந்ததால், அது கைக்கு வந்த அன்றே உங்களை அழைத்து, கேளுங்கள், இன்று இரவே கேளுங்கள் என்று சொன்னேன். அந்த அவசரத்தில் சொல்ல முடியாமல் போன காரணங்களை, இதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்காகவும், உங்கள் அனுமதியோடு இங்கே எழுதுகிறேன். உங்கள் வீட்டில் யாராவது இப்போது ஆபத்தில் இருக்கிறார் என்று நினைப்பவர்கள் மேலே படிக்க வேண்டாம். அவரைத் தனியே விடாமல் 108 அல்லது 112 எண்ணை அழையுங்கள், அல்லது அருகிலுள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள்.

அவர் ஆட்டத்தை நிறுத்தியதை நீங்கள் நல்ல அறிகுறியாக எடுத்துக்கொண்டிருந்தீர்கள். யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள். ஆனால் சூதாட்டத்தில் பணம் இழந்தவர் ஆடிக்கொண்டிருக்கும்வரை, அடுத்த ஆட்டத்தில் மீட்டுவிடலாம் என்ற பொய்யான நம்பிக்கையாவது அவரிடம் இருக்கும். நிறுத்திய அன்றுதான் அந்த ஏழு லட்சம் உண்மையிலேயே போய்விட்டது என்பது அவர் மனதில் இறங்குகிறது. எனவே ஆட்டத்தை விட்ட முதல் சில நாள்கள், வீட்டாருக்கு விஷயம் தெரிந்துவிட்ட வேளை, கடன்காரரின் அழைப்பு மூன்றாம் மனிதருக்குப் போன நேரம் ஆகியவற்றை ஓய்ந்துவிட்ட நேரங்களாகக் கருதாமல், கவனம் கூட வேண்டிய நேரங்களாகக் கொள்ளுங்கள். பல வாரப் பதற்றத்துக்குப் பிறகு திடீரென வந்த அமைதி, பாரத்தை இறக்கி வைத்த நிம்மதியாக இருக்கலாம். ஏதோ ஒன்றை முடிவு செய்துவிட்டதால் வந்ததாகவும் இருக்கலாம். வெளியில் இருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும் என்பதால், கேட்டுத் தெரிந்துகொள்வதைத் தவிர வேறு வழியில்லை.

இன்சூரன்ஸ் பத்திரத்தைப் பற்றிய பேச்சு அமைதியை விடத் தெளிவான அறிகுறி. பத்திரம் இருக்கும் இடத்தைச் சொல்வது, வங்கிக் கணக்கின் ரகசிய எண்களை எழுதிக் கொடுப்பது, குழந்தைகளை யாரிடமாவது ஒப்படைப்பதுபோலப் பேசுவது, "உங்களுக்கெல்லாம் நான் ஒரு பாரம்" என்பது போன்ற எதுவும் குடும்பப் பொறுப்பான பேச்சுபோலவே ஒலிக்கும். ஒரு கணக்கருக்கு இது இன்னும் இயல்பாக வரும். தன்னையும் ஒரு கடன் வரியாகப் போட்டுக் கழித்துப் பார்க்கிறார். இந்தக் கணக்கு தவறு என்று அந்த நேரத்தில் வாதாடாதீர்கள், பணத்தைப் பற்றிய பேச்சையே ஒத்திவையுங்கள் என்று நான் சொன்னது அதனால்தான்.

உங்கள் அத்தை தன் மகனைப் பற்றிய அச்சத்தால்தான் தடுக்கிறார். ஆனாலும், நேரடியாகக் கேட்பதால் ஒருவருக்கு அந்த எண்ணம் புதிதாக உண்டாவதில்லை என்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. ஏற்கெனவே அந்த எண்ணத்தோடு இருப்பவருக்கு, அதை ஒருவரிடம் சொல்ல முடிகிறது என்பதே பெரிய ஆறுதல். கேட்கும் முறைதான் முக்கியம். "அப்படியெல்லாம் ஒன்றும் நினைக்கவில்லையே?" என்று கேட்டால், "இல்லை" என்ற பதிலை நாமே அவர் வாயில் வைத்துவிடுகிறோம்.

நீங்கள் குழந்தைகள் தூங்கிய பிறகு அவர் பக்கத்தில் உட்கார்ந்து, "பத்திரத்தைப் பற்றி நீங்கள் சொன்னது என் மனதைவிட்டுப் போகவில்லை. உயிரை மாய்த்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறீர்களா?" என்று கேட்டதாகச் சொன்னீர்கள். வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நினைத்தேன்" என்றாராம். அடுத்து, எப்போது, எப்படி என்று ஏதாவது திட்டம் வைத்திருக்கிறாரா என்று கேட்கச் சொல்லியிருந்தேன், அதையும் கேட்டீர்கள். திட்டமும் அதற்கான பொருளும் கைவசம் இருப்பதாகத் தெரிந்தால், விடியும்வரை காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். திட்டம் இல்லை என்று சொன்னாலும், வீட்டில் உள்ள மாத்திரை, பூச்சிமருந்து போன்றவற்றை வேறு வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அவரை இரவில் தனியே விடாமல் இருக்க வேண்டும். நீங்கள் உங்கள் அண்ணனை வரவழைத்தது மிகச் சரியான செயல். இதை ஒருவராகத் தாங்க முடியாது.

பிறகு இருவருமாக 14416 எண்ணை அழைத்தீர்கள். இது டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவி எண். 24 மணி நேரமும் இயங்குகிறது, கட்டணம் கிடையாது, தமிழில் பேசலாம். நோயாளிதான் அழைக்க வேண்டும் என்பதில்லை, வீட்டார் அழைத்தும் வழி கேட்கலாம். தேவையானால் அங்குள்ள ஆலோசகர் மனநல மருத்துவரோடு இணைப்பார். தமிழகத்தின் 104 மருத்துவ உதவி எண்ணும், சென்னையில் உள்ள ஸ்நேகா தற்கொலைத் தடுப்பு மையத்தின் 044-24640050 என்ற எண்ணும் உண்டு. இலங்கையில் இருப்பவர்கள் 1926 என்ற தேசிய மனநல உதவி எண்ணை அழைக்கலாம். ஓர் எண் கிடைக்கவில்லை என்றால் அடுத்த எண்ணை அழையுங்கள், இணைப்புக்காகக் காத்திருக்கும்போதும் அவர் பக்கத்திலேயே இருங்கள்.

அவர் மருத்துவமனைக்கு வரத் தயங்கியதற்கு, போலீஸ் வழக்கு வந்துவிடுமோ என்ற பயம் ஒரு காரணம். 2025 ஆகஸ்ட்டில் வந்த மத்தியச் சட்டம் பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்தாலும், அதில் தண்டனை நடத்துபவர்களுக்கும் விளம்பரம் செய்பவர்களுக்கும் பணப் பரிமாற்றத்துக்கு உதவுபவர்களுக்கும்தான், ஆடி இழந்தவருக்கு இல்லை. தற்கொலைக்கு முயன்றவரைக்கூடக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும் என்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு சொல்கிறது. ஆகவே மருத்துவரிடம் "தூக்கமில்லை, நெஞ்சு படபடக்கிறது" என்று சுற்றி வளைக்காமல், சூதாட்டத்தையும் உயிரை விடும் எண்ணத்தையும் சேர்த்தே சொல்லுங்கள். இரண்டில் ஒன்றை மறைத்தால் சிகிச்சை பாதியாகிவிடும். சூதாட்ட அடிமைத்தனம் மருத்துவம் ஏற்றுக்கொண்ட ஒரு நோய், கூடவே மனச்சோர்வும் குடியும் இருந்தால் அவற்றுக்கும் தனியே சிகிச்சை வேண்டும்.

கடன்காரர்களைப் பொறுத்தவரை ஒன்று மட்டும் இப்போதைக்குப் போதும். காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் வசூலுக்காக அழைக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. படங்களைப் பரப்புவதாக மிரட்டினால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் சொல்லலாம். அந்த அழைப்புகளை இப்போது உங்கள் அண்ணன் எடுப்பது நல்லதுதான். ஆனால் கணவரின் கைபேசியைப் பிடுங்கி வைக்காதீர்கள், உதவி கேட்கும் வழியும் அதில்தான் இருக்கிறது. அவர் சம்மதத்தோடு செயலிகளை நீக்கி, சம்பளக் கணக்கின் பரிமாற்ற வரம்பைக் குறைத்தால் போதும்.

அடுத்த சம்பள நாள் நெருங்குகிறது. கையில் பணம் வரும் அன்றும், மீண்டும் ஒருமுறை ஆடிவிட்டால் அதற்கடுத்த இரவும், அந்த எண்ணம் திரும்பக்கூடிய நேரங்கள். அன்று மாலை அவர் வீடு திரும்பியதும், முதல் இரவு கேட்டீர்களே, அதே கேள்வியை அதே சொற்களில் மறுபடியும் கேளுங்கள்.