ஓட்டுப் பெட்டி இல்லாமல் சக ஊழியரைப் பாராட்டுவது எப்படி? – கேள்வி பதில்

பதில் சொல்பவர் மருத்துவமனை செவிலியர் நிர்வாகத்தில் பல வருடம் இருந்தவர்.

மாதாமாதம் ஓட்டு போட்டு சிறந்த செவிலியரைத் தேர்ந்தெடுக்கிறோம். நாலு மாசமா ஒரே ஆளுக்கே போகுது. என்ன பண்ணலாம் மேடம்? (வார்டு இன்சார்ஜ்)

அவர் பகல் டூட்டியா என்று முதலில் பாருங்கள். நான் வேலை பார்த்த இடத்திலும் இதேதான் நடந்தது. பகலில் இருப்பவர்கள் சேர்ந்து சாப்பிடுகிறார்கள், ஒருவரையொருவர் தெரியும். இரவு டூட்டிக்காரரை மற்றவர்கள் பார்ப்பது காலை ஹேண்டோவர் நேரத்தில் மட்டும்தான். ஓட்டு எண்ணினால் தெரிந்த முகம்தான் ஜெயிக்கும்.

ஓட்டை நிறுத்திவிட்டுப் பரிந்துரையை எழுதி வாங்க ஆரம்பித்தோம். அரைப் பக்கத் தாளில் மூன்றே கேள்விகள்: என்ன செய்தார், எப்போது, அதனால் யாருக்கு என்ன மாறியது. "எப்போதும் சிரித்த முகம், எல்லோருக்கும் உதவுவார்" என்று எழுதி வந்தால் திருப்பிக் கொடுத்துவிடுவோம். மூன்றாவது மாதம் இப்படி ஒரு தாள் வந்தது: "விடியற்காலை 3 மணி. பெட் 7 பாட்டியின் இன்சுலின் பம்பில் மணிக்கு 4 மில்லி இருக்க வேண்டிய இடத்தில் 40. டிராலியோடு அந்தப் பக்கம் போனவர் நின்று பார்த்து நிறுத்தினார். அவர் பார்க்கும் பேஷண்டே இல்லை." இது கிடைக்கத்தான் தாளே.

வந்த தாள்களில் பெயரை எடுத்துவிட்டு எண் போட ஒரே ஒருவர் போதும். தேர்வுக் குழு எண்ணை மட்டும் பார்த்துப் படிக்கட்டும். அமெரிக்காவில் செவிலியர்களுக்குத் தரப்படும் டெய்சி விருதும் பெயரை மறைத்துப் படிக்கும்படிதான் சொல்கிறது. ஒருவருக்கு எத்தனை தாள் வந்தது என்பதைக் குழுவிடம் சொல்லவே கூடாது. சொன்னால் அது மறுபடி ஓட்டுதான்.

இதுக்கு எந்த ஆப் நல்லா இருக்கும்?

தாளில் ஓடாத திட்டம் ஆப்பிலும் ஓடாது. மூன்று மாதம் தாளில் நடத்திப் பாருங்கள்.

பெட் 7, விடியற்காலை 3 மணின்னு போட்டாலே யாருன்னு தெரிஞ்சிடும். அப்புறம் பெயரை மறைச்சு என்ன பிரயோஜனம்?

அந்த வார்டுக்காரர்களுக்குத் தெரியும். அதனால் குழுவில் வேறு வார்டு ஆட்களை வையுங்கள், ஒருவராவது இரவு டூட்டியில் இருப்பவராக. மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். மொத்தமே பன்னிரண்டு பேர் உள்ள கிளினிக் என்றால் மறைக்க வழியில்லை. அங்கே போட்டியே வேண்டாம், வந்த தாளை உரியவரிடம் கொடுத்து நன்றி சொன்னால் போதும்.

அந்த 40ஐ போட்டது யார்னு யோசிச்சீங்களா? விழாவுல படிச்சா அவங்க கதி?

யோசிக்கவில்லை. அது என் தவறு. தாளை மேடையில் அப்படியே படித்தேன், முந்தைய ஷிப்டில் இருந்தது யார் என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். அடுத்த வாரமே அந்தப் பெண் வேறு வார்டு கேட்டு எழுதிக் கொடுத்தார். அதற்குப் பிறகு பிழையைப் பிடித்த தாள்கள் வருவதே குறைந்துவிட்டது. தோழியைக் காட்டிக்கொடுக்க யாருக்கு மனசு வரும்? இப்போது அப்படிப்பட்ட தாள் முதலில் இன்சிடென்ட் ரிப்போர்ட்டாகப் போகிறது. இருவரும் சம்மதித்தால்தான் பொதுவில் படிப்போம்.

மேலே சொன்னதை ஏத்துக்க முடியலை. நான் 15 வருஷமா ஐசியூல இருக்கேன். பிழையைப் பிடிக்கிறதுதான் எங்க வேலையோட உச்சம். அதை மூலையில வச்சு நன்றி சொன்னா, சிரிச்ச முகத்துக்குத்தான் மறுபடி மேடை.

நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ரிப்போர்ட்டால் பம்ப் மாற்றும்போது இரண்டாவது ஆள் சரிபார்க்கும் வழக்கம் வந்தது, பேஷண்டுக்கு நல்லது. ஆனால் மேடையில் படிப்பதை நிறுத்திய பிறகு, பிழையைப் பிடித்தவருக்கு என் அறையில் கிடைத்த நன்றி மட்டும்தான். நடந்ததை மாற்றாமல், தேதியையும் பெட் எண்ணையும் விட்டுவிட்டு மூன்று மாதம் கழித்துப் படிக்கலாம் என்று ஒருவர் சொன்னார். முயன்றோம், அதற்குள் எல்லோருக்கும் மறந்துபோய் விறுவிறுப்பே இல்லை. இதற்கு முழு விடை என்னிடம் இல்லை.

ரெண்டு பேர் மாறி மாறி எழுதிக்கிறாங்க. எப்படிக் கண்டுபிடிக்கிறது?

யார் யாருக்கு எழுதினார் என்று எக்செலில் இரண்டு வரிசை போதும், ஜோடி தானே தெரியும். உடனே குற்றம் சொல்லிவிடாதீர்கள், ஒரே ஐசியூவில் சேர்ந்து வேலை செய்பவர்கள் நிஜமாகவே ஒருவரையொருவர்தான் பார்க்கிறார்கள். தாளில் உள்ள சம்பவத்தை அன்று டூட்டியில் இருந்த மூன்றாவது ஆளிடம் கேளுங்கள்.

விருது கிடைச்சா இன்க்ரிமென்ட்ல சேருமா மேடம்?

உங்கள் ஹெச்.ஆரைக் கேளுங்கள். சேர்க்கக் கூடாது என்பது என் கருத்து. சம்பளம் கலந்த அன்றே தாள் பேரமாகிவிடும்.

ஆப் ஏதாவது சொல்லுங்களேன்.

மேலே சொல்லிவிட்டேன்.

நைட் டூட்டிக்காரங்களுக்கு எழுதவே ஆள் இல்லையே?

மாதக் கடைசியில் தாள்களை ஷிப்ட்வாரியாகப் பிரித்து எண்ணுங்கள். இந்தக் கணக்கு உங்களுக்கு மட்டும், குழுவுக்கு வேண்டாம். ஆட்களில் கால்வாசி இரவில் இருந்தும் முப்பது தாளில் இரண்டுதான் இரவுக்கு வந்தது என்றால் வேலை நடக்கவில்லை என்று அர்த்தமில்லை, பார்த்தவர் இல்லை. காலை ஹேண்டோவர் முடிந்ததும் வெற்றுத் தாளோடு போய் நில்லுங்கள். "ராத்திரி யார் உங்களுக்குக் கை கொடுத்தாங்க?" என்று கேட்டு, அவர் சொல்லச் சொல்ல நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். பன்னிரண்டு மணி நேரம் நின்றவரிடம் பேனாவைக் கொடுத்து எழுதச் சொல்லாதீர்கள்.