உரைத்தாளில் கையசைவை எங்கே குறிப்பது?

"தமிழ்மொழி விழாப் பேச்சுப் போட்டிக்கு மகள் தயாராகிறாள். தாளில் 'கை' என்று குறித்துக் கொடுத்தேன். சொல் முடிந்த பிறகுதான் கை எழுகிறது. என்ன செய்வது?"

குறி அந்தச் சொல்லின் மேலேயே இருக்கிறது போல. அங்கே வந்து கையை எடுத்தால், அது உயர்வதற்குள் சொல் கடந்துவிடும். கை கிளம்பும் இடத்தில் சாய்கோடு, சைகை முழுமையாகும் சொல்லுக்கு அடிக்கோடு, கை இறங்கும் இடத்தில் கீழ் அம்பு போடுங்கள்.

சிங்கப்பூர் ஆற்றைப் பற்றி ஒரு வரி:

அன்று இந்த ஆற்றில் / படகுகள் <u>நெருக்கியடித்து</u> நின்றன ↓

'படகுகள்' என்னும்போது இரு கைகளும் அகலமாக எழும், 'நெருக்கியடித்து' என்பதில் உள்ளங்கைகள் நெருங்கும். 'நின்றன' முடியும்வரை அப்படியே இருக்கட்டும். நம் வாக்கியத்தில் வினை கடைசியில் வருவதால், பலர் அதற்குள் கையைப் போட்டுவிடுகிறார்கள். வரியும் பாதியில் தொய்ந்துவிடும்.

நடப்பதை வாக்கியத்துக்கு நடுவில் குறிக்கவே வேண்டாம். 'அன்று' பகுதியை அவளுடைய வலப்பக்கம் நின்று பேசட்டும், பார்ப்பவர்களுக்கு அது இடப்பக்கம். பத்தி முடிந்ததும் பேசாமல் மூன்று அடி இடப்பக்கம் வந்து, இரு காலும் ஊன்றிய பிறகு "இன்று..." என்று தொடங்கலாம். தாளில் "3 அடி இடம், நில்" என்று தனி வரியாக எழுதுங்கள்.

மைக் ஸ்டாண்டில் பொருத்தியதா என்று முன்பே கேட்டுவிடுங்கள். அப்படியென்றால் நகர்ந்தால் குரல் விழும்; நடையை அடித்துவிட்டு, "தோளை மட்டும் திருப்பு" என்று மாற்றுங்கள்.