"பாக்கி லிஸ்ட் எடுத்து வைம்மா" என்றால் எந்தப் பாக்கி?

அம்மா, நெல்லிக்குப்பத்திலிருந்து நீங்கள் எழுதியதை இரண்டு தடவை படித்தேன். பி.காம் முடித்த மகள் தட்டாஞ்சாவடியில் ஒரு கம்பெனியின் அக்கவுண்ட்ஸில் சேர்ந்து மூன்று வாரம்தான் ஆகிறது, மேனேஜர் "பாக்கி லிஸ்ட் எடுத்து வைம்மா" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார், இவள் மதியச் சாப்பாட்டைக்கூடத் தள்ளிப்போட்டு வாடிக்கையாளர்கள் தரவேண்டிய பணத்தையெல்லாம் பட்டியல் போட்டிருக்கிறாள், சாயங்காலம் அவர் "நான் கேட்டது இது இல்லையே" என்றுவிட்டார். வேலையை விட்டுவிடலாமா என்கிறாள். வேண்டாம். அவளுக்குக் கணக்கு தெரியாததால் இது நடக்கவில்லை.

நமக்கு வரவேண்டியதும் பாக்கிதான், நாம் தரவேண்டியதும் பாக்கிதான். மேனேஜர் அப்போதுதான் ஏதாவது சப்ளையரிடம் போனில் பேசிவிட்டு வந்திருப்பார், அவர் மனதில் ஒரு பாக்கிதான் இருந்திருக்கும், முழுசாகச் சொல்லிவிட்டதாகவே நினைத்திருப்பார். கேட்கிறவளுக்கு அந்த போன் தெரியாதே.

அதற்காக "எப்படி சார் செய்யணும்?" என்று போய் நிற்கக்கூடாது. மொத்த யோசனையையும் அவர் தலையில் திருப்பி வைக்கிற கேள்வி அது, எரிச்சல்தான் வரும். முதலில் ஐந்து நிமிடம் டேலியைத் திறந்து பார்க்கட்டும். Outstandings உள்ளே Receivables, Payables என்று இரண்டும் தனித்தனியாக இருக்கும், அங்கேயே முதல் கேள்வி கிடைத்துவிடும்: வரவேண்டியதா, தரவேண்டியதா?

அடுத்தது, இது எதற்கு என்று கேட்பது. எனக்குத் தெரிந்து இந்த ஒரு கேள்விக்குப் பதில் வந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். வசூலுக்குப் போன் போட என்றால் பில் வாரியாக வேண்டும், முதலாளி ஒரு பார்வை பார்க்க என்றால் பார்ட்டிக்கு ஒரு மொத்தத் தொகை போதும். மார்ச் மாதம் ஆடிட்டருக்கு என்றால் கதையே வேறு. குறு, சிறு நிறுவன சப்ளையர்களைத் தனியாகப் பிரிக்கச் சொல்வார்கள். அவர்களுக்குப் பணம் தர, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள், இல்லையென்றால் 15 நாள், அந்தக் கெடு தாண்டி வருடக் கடைசியில் நிற்கும் பணம், கொடுத்த வருடத்தில்தான் வருமான வரியில் செலவாகக் கழியும். 2023-24 கணக்கு வருடத்திலிருந்து இப்படித்தான்.

அப்புறம் தேதி. இதில்தான் புதிதாகச் சேர்ந்தவர்கள் அதிகம் மாட்டுகிறார்கள். ஜூலை 1 அன்று போட்ட பில், 30 நாள் கடன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆகஸ்ட் 10 அன்று லிஸ்ட் எடுத்தால், பில் தேதியிலிருந்து எண்ணினால் 40 நாள், கெடு தேதியான ஜூலை 31லிருந்து எண்ணினால் வெறும் 10 நாள். டேலி இரண்டு விதமாகவும் காட்டும். எதைக் காட்டுகிறோம் என்று தெரியாமல் கொடுத்தால், பத்து நாள் தாமதமான நல்ல வாடிக்கையாளருக்கு நாற்பது நாள் தாமதம் என்று போன் போய்விடும். இதே மாதிரி, எந்த பில்லுக்கு என்று குறிக்காமல் வந்த பணம் On Account என்று தனியாக நிற்கும். 80,000 ரூபாய் பில், அந்த வகையில் 50,000 வந்திருக்கிறது என்றால் பாக்கி 80,000 என்று காட்டுவதா, 30,000 என்றா? இதை அவள் முடிவு செய்யக்கூடாது, கேட்க வேண்டும்.

கேள்விகளை ஒவ்வொன்றாகக் கொண்டுபோகாமல், தான் புரிந்துகொண்டதை ஒரே வாட்ஸ்அப்பில் எழுதி, வேலையைத் தொடும் முன்பே அனுப்பச் சொல்லுங்கள். இப்படி இருக்கலாம்:

"சார், பாக்கி லிஸ்ட்: சப்ளையர்களுக்கு நாம் தரவேண்டியது, வெள்ளிக்கிழமை பேமெண்ட்டுக்கு என்று எடுத்துக்கொள்கிறேன். இன்றைய தேதி வரை, பில் வாரியாக, நாள் கணக்கு கெடு தேதியிலிருந்து. நாம் கொடுத்த அட்வான்ஸைக் கழிக்காமல் பக்கத்திலேயே தனியாகக் காட்டுகிறேன். 4 மணிக்குத் தரலாமா? இதில் எதை மாற்ற வேண்டும் சார்?"

அவருக்கு யோசிக்க ஒன்றுமில்லை, "சரி" என்றோ "வெள்ளிக்கு இல்லை, ஆடிட்டருக்கு" என்றோ ஒரு வரி போட்டால் போதும். கால் மணி நேரம் பதில் வரவில்லையா, முதல் பத்து வரியை மட்டும் போட்டு எழுந்துபோய்க் காட்டட்டும். பத்து வரி தப்பானால் பத்து நிமிடம்தான் போகும்.

சில மேனேஜர்கள் "உனக்குத் தோணுறபடி போடு" என்பார்கள், பெரும்பாலும் அவருக்கே இன்னும் தெளிவில்லை என்று அர்த்தம். அப்போது பக்கத்து சீட்டில் இருக்கும் சீனியரிடம் போன மாத லிஸ்ட்டை வாங்கிப் பார்த்து அதே மாதிரி போடட்டும், எந்தத் தேதி வரை, எதிலிருந்து நாள் எண்ணியது, அட்வான்ஸ் என்ன ஆனது என்பதை ஷீட்டின் முதல் வரியிலேயே எழுதிவிடட்டும்.

நீங்கள் மேனேஜருக்குப் போன் செய்து பேசலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து வேண்டாம் அம்மா, அவள் அங்கே நிற்பது கஷ்டமாகிவிடும். அப்புறம், அவள் போட்ட அந்த வரவேண்டிய பட்டியலை அழித்துவிட வேண்டாம் என்று சொல்லுங்கள். மாதக் கடைசியில் வசூலுக்கு உட்காரும்போது அதே மேனேஜருக்கு அது தேவைப்படும், தேதியை மட்டும் மாற்றி எடுத்தால் போதும்.